மூச்சு வாங்கும் இடத்தில் கமா

அவர்கள் இருவரும் கடைசியாகச் சண்டை போட்டது ஒரு கமாவுக்காக.

சாப்பிட்ட தட்டுகளை மேசையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு டீச்சர் எட்டாம் வகுப்புக்கான ஆங்கிலப் பயிற்சித்தாளைத் தயாரித்துக்கொண்டிருந்தார். சில வாக்கியங்களில், இரண்டு தனி வாக்கியங்கள் நடுவில் சுவரே இல்லாத ஒண்டுக்குடித்தனம் போல ஒட்டிக்கிடந்தன. சிலவற்றில், கூப்பிடாத விருந்தாளியாகக் கமா வந்து உட்கார்ந்திருந்தது. பிள்ளைகள் திருத்த வேண்டும். திருத்தினால் மட்டும் போதாது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும். ஏன் மாற்றினாய் என்று அதில் எழுத வேண்டும். அந்தக் கட்டம் டீச்சரின் சொந்த ஏற்பாடு. பிள்ளைகள் அதைத் திட்டாத நாளில்லை.

அவருடைய கணவரும் அதே பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர்தான். ஆனாலும் வாட்ச்மேன் முதல் பிரின்சிபால் வரை அவரை 'டீச்சர் வீட்டுக்காரர்' என்றே சொல்வார்கள். அதில் அவருக்கு வருத்தம் கிடையாது. எந்தத் தாளையும் டீச்சர் முதலில் அவரிடம்தான் கொடுத்துப் பார்ப்பார். இவர் தடுக்கி விழுந்த இடத்தில் வகுப்பும் விழும் என்பது டீச்சரின் கணக்கு.

அன்றைக்கு அவர் தடுக்கி விழுந்த வாக்கியம் இது: "I wanted to go, however, it was late."

"சரியாத்தானே இருக்கு" என்றார் வீட்டுக்காரர்.

"காரணம்?"

"ரெண்டு பக்கமும் கமா இருக்கு. பாக்க லட்சணமா இருக்கு."

டீச்சர் பென்சிலைக் கீழே வைத்தார். அவருக்கு நுரையீரலில் கோளாறு. சில மாதங்களாக ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் மூச்சைத் தேடிப் பிடித்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. சுவரோரத்தில் ஆக்ஸிஜன் சிலிண்டர் ஒன்று சொந்தக்காரன் மாதிரி வந்து தங்கியிருந்தது. அப்படியும் விளக்கம் சொல்லாமல் விடமாட்டார். அந்த 'ஹவெவர்' ஓர் இணைப்புச் சொல் இல்லை. 'பட்' மாதிரி இரண்டு வாக்கியங்களைக் கட்டி இழுக்க அதற்குத் தெம்பு கிடையாது. அதற்கு முன்னால் செமிகோலன் வேண்டும், இல்லையென்றால் முற்றுப்புள்ளி வைத்துவிட்டுப் புது வாக்கியம் தொடங்க வேண்டும். பின்னால் இருக்கும் கமா இருந்துவிட்டுப் போகட்டும்.

"இருந்தாலும் அந்த இடத்துல கொஞ்சம் நிக்கணும் போல இருக்கே" என்றார் வீட்டுக்காரர், விடாமல்.

"நிக்கணும்னா பஸ் ஸ்டாப்புல நில்லுங்க" என்றார் டீச்சர்.

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு இருமலாயிற்று, இருமல் இளைப்பாயிற்று. வீட்டுக்காரர் குழாயை எடுத்து மூக்கில் மாட்டிவிட்டு, தட்டுகளைக் கழுவப் போனார். திரும்பி வந்தபோது டீச்சர் அந்த வாக்கியத்தின் எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டிருந்தார். வகுப்பும் இங்கே விழும் என்று அதற்கு அர்த்தம்.

மறுநாள் விடியும்போது ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வீட்டுக்காரர் மட்டும் திரும்பி வந்தார்.

*

பள்ளியில் ஆங்கிலத் துறைக்குத் தலைவர் ஒருவர் இருந்தார். பிள்ளைகள் வைத்த பெயர் கமா சார். அவருடைய இலக்கணம் மொத்தமும் ஒரே விதியில் அடங்கிவிடும்: வாய்விட்டு வாசி, மூச்சு வாங்கும் இடத்தில் கமா போடு. இந்த விதியோடு அவர் தலைமயிர் கறுப்பாக இருந்த காலத்தில் பள்ளிக்குள் நுழைந்தார். இப்போதும் தலைமயிர் கறுப்பாகத்தான் இருந்தது, சாயத்தின் புண்ணியத்தில். விதி சாயமில்லாமலே அப்படியே இருந்தது. இடைப்பட்ட காலத்தில் உடம்பு மட்டும் ஒளிவுமறைவில்லாமல் வளர்ந்துவிட்டது. மாடிப்படி ஏறினால் ஸ்டாஃப் ரூமில் இருப்பவர்களுக்கு அவர் எந்தப் படியில் வருகிறார் என்று கேட்கும்.

குரல் மட்டும் வெண்கலம். பள்ளியில் மைக் என்று ஒன்று இருந்தால் அது அவருடையது. டீச்சருக்கு இரங்கல் கூட்டம் வைத்தபோதும் அவர்தான் வாசித்தார். அந்த வயதிலும் எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசித்ததைப் பார்த்துப் பலர் அழுதார்கள். முன்வரிசையில் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சரின் தங்கை மட்டும் அழவில்லை. அவள் தையல் கடை வைத்திருப்பவள். எதையும் வெட்டித்தான் பேசுவாள். "என்ன அத்தான் இந்த மனுஷன், துருத்தி மாதிரி ஊதி ஊதி வாசிக்கிறார்" என்று காதோரம் சொன்னாள். வீட்டுக்காரர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று அவர் காதில் எதுவும் ஏறவில்லை.

கூட்டம் முடிந்ததும் பிரின்சிபால், டீச்சரின் படத்தை ஸ்டாஃப் ரூமில் மாட்டப்போவதாகவும் கீழே பித்தளைத் தகடு பதிக்கப்போவதாகவும் அறிவித்தார். வாசகம் நானே எழுதித் தருகிறேன் என்றார் கமா சார்.

டீச்சர் தயாரித்த தாளையே பருவத் தேர்வுக்கு வைத்தார்கள். அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு: கேள்வி எழுதுபவர் விடைக்குறிப்பு எழுதக் கூடாது. தன் பிழை தன் கண்ணுக்குத் தெரியாது என்பதால் வேறொருவர் எழுத வேண்டும். எட்டாம் வகுப்புக்கு விடைக்குறிப்பு எழுதுவது கமா சாரின் பொறுப்பு. அச்சடித்து வரும் விடைக்குறிப்பில் எழுதியவர் கையெழுத்தோ பெயரோ இருக்காது. 'ஆங்கிலத் துறை' என்று மட்டும் இருக்கும். நல்லது நடந்தால் துறைத் தலைவருக்கும் கெட்டது நடந்தால் துறைக்கும் என்ற ஏற்பாடு அது.

தாள் திருத்தியவர்கள் விடைக்குறிப்பைப் பார்த்துத் திருத்தினார்கள். அவர்களுக்குக் கண் இல்லாமல் இல்லை. ஆனால் விடைக்குறிப்பில் உள்ளதற்கு மதிப்பெண் கொடுத்தால் யாரும் கேட்கமாட்டார்கள், இல்லாததற்குக் கொடுத்தால் விளக்கம் எழுதித் தர வேண்டும். ஆகவே ஒழுங்காகப் படித்த பிள்ளைகள் கூண்டோடு தோற்றார்கள். ஒன்றும் படிக்காமல், பூவாளியில் தண்ணீர் தெளிப்பதுபோல் கமா தெளித்தவர்கள் தேறினார்கள்.

தோற்றவர்களில் ஒருத்தியின் தாய் வக்கீல். வக்கீலம்மா மகளின் தாளை எடுத்துக்கொண்டு பிரின்சிபால் அறைக்கு வந்தார். அவர் மகள் ஒவ்வொரு கட்டத்திலும் காரணம் எழுதியிருந்தாள். விடைக்குறிப்பிலோ காரணம் என்ற கட்டம் முழுக்க மேலிருந்து கீழ்வரை ஒரே பதில்தான்: இங்கே நிறுத்தம் தேவை. என் மகள் எழுதிய காரணம் தப்பென்றால் தப்பு என்பதற்குக் காரணம் வேண்டும் என்றார் வக்கீலம்மா. ஒரு வாரம் தவணை கொடுத்துவிட்டுப் போனார்.

*

பிரின்சிபால் கெட்டவர் அல்ல. யாருக்கும் நோகாமல் ஒரு காரியத்தை முடிக்க வேண்டும் என்று நினைப்பவர். யாருக்கும் நோகாமல் முடிக்க வேண்டுமென்றால் நோவை வாங்கிக்கொள்ள, நோகாத ஆள் ஒருவர் தேவை. அப்படி ஓர் ஆள் அப்போது பள்ளிக்கு வசமாகக் கிடைத்திருந்தார்.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டிஷ்யூ பெட்டியை அவர் பக்கம் நகர்த்திவைத்துவிட்டுப் பிரின்சிபால் விஷயத்தைச் சொன்னார். கமா சாருக்கு அந்த நேரத்தில் வேலை அதிகமாம். டீச்சரே, விடைக்குறிப்பையும் நானே எழுதிவிடுகிறேன் என்று வாங்கிக்கொண்டாராம். கடைசி நாட்களில் உடம்பும் மனசும் ஒத்துழைக்காத நிலையில் எழுதியது, பாவம், அப்படி வந்துவிட்டது. பெற்றோர் எல்லாருக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பி, மதிப்பெண்ணைச் சரிசெய்துவிடலாம். சுற்றறிக்கையில் டீச்சர் பெயர் மரியாதையாகத்தான் இருக்கும்.

வீட்டுக்காரர் சுற்றறிக்கையின் நகலை வாங்கிப் பார்த்தார். மொத்தமும் ஒரே வாக்கியம். முற்றுப்புள்ளி வர வேண்டிய இடத்திலெல்லாம் கமா கைகட்டி நின்றது. நடுவில் ஓரிடத்தில் 'மறைந்த ஆசிரியையின் கவனக்குறைவு' என்று இருந்தது.

"அவ எழுதல மேடம்."

"நீங்க வருத்தத்துல இருக்கீங்க சார்."

"வருத்தத்துலதான் இருக்கேன். அவ எழுதல."

எழுதவில்லை என்பதற்கு ஏதாவது ஆதாரம் இருக்கிறதா என்று பிரின்சிபால் இதமாகக் கேட்டார். இல்லை. கடைசி இரவு வரை அவர் கேள்வித்தாளிலேயே இருந்தார் என்பதற்கும் இவர் ஒருவர்தான் சாட்சி. எழுதியதற்குக் காகிதம் இருக்கும். எழுதாததற்கு எங்கே போவது? இவர் வாய்ச்சொல் ஒரு பக்கம், துறைத் தலைவரின் வாய்ச்சொல் மறுபக்கம். தராசில் யார் கனம் என்று கேட்கவே வேண்டாம். நாளைக்கு வக்கீலம்மா வருகிறார், குடும்பத்தின் சார்பில் நீங்களும் வந்து உட்கார்ந்தால் நன்றாக இருக்கும், அதன் பிறகு சுற்றறிக்கை போய்விடும் என்றார் பிரின்சிபால். குடும்பத்தின் சார்பில் என்றால் சும்மா உட்காருவது என்று பொருள்.

வெளியே நடையில் கமா சார் எதிரே வந்து வீட்டுக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டார். "மனச தேத்திக்கோங்க. தப்பு யார்தான் செய்யல? நான் அவங்கள மன்னிச்சிட்டேன்" என்றார்.

பித்தளைத் தகடு தயாராகிவிட்டதென்றும், வாசகம் தனக்கே கண்ணீர் வரவழைத்ததென்றும் சொல்லிவிட்டுப் போனார்.

*

அன்று சாயங்காலம் மைத்துனி கடையைச் சாத்திவிட்டு நேராக வந்தாள். அத்தான் மேசையில் விடைக்குறிப்பைப் பரப்பிவைத்துக்கொண்டு கல்லாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டாள். கேட்டு முடித்ததும், "அக்கா இத எழுதியிருந்தா நான் தையல் மெஷினத் தலைகீழா வெச்சுத் தைக்கிறேன்" என்றாள்.

அதைத்தான் நானும் சொன்னேன், யாரும் நம்பவில்லை என்றார் வீட்டுக்காரர்.

அவளுக்கு ஆங்கில இலக்கணம் அவ்வளவாக வராது. ஆனாலும் தாளை இழுத்து வைத்துப் பார்த்தாள். முதல் வாக்கியம், இரவு பலமாக மழை பெய்தது, நாங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தோம் என்பது. விடைக்குறிப்பில் இப்படி இருந்தது: "It was raining hard last night, we stayed indoors."

இதில் என்ன தப்பு, பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டாள். வீட்டுக்காரர் விளக்கினார். மழைக்கு ஒரு வாக்கியம் முழுசாக இருக்கிறது, நமக்கு ஒரு வாக்கியம் முழுசாக இருக்கிறது. தனித்தனி எழுவாய், தனித்தனி வினை. நடுவில் ஒன்றும் போடாமல் விட்டதுதான் கேள்வியில் இருந்த பிழை. வெறும் கமாவைப் போட்டால் பழைய பிழை போய்ப் புதுப் பிழை வரும். கமாவோடு 'ஸோ' சேர்க்கலாம், செமிகோலன் வைக்கலாம், அல்லது முற்றுப்புள்ளி. பஸ் வரவில்லை, நடந்து வந்தேன் என்ற அடுத்த வாக்கியத்துக்கும் அதே கதைதான்.

"சரி, இது எல்லாருக்கும் வர்ற ஜலதோஷம். இதென்ன கூத்து?" என்று அவள் அடுத்ததைக் காட்டினாள்.

"She washed the plates and went, to bed."

வீட்டுக்காரர் அந்தக் கமாவை விரலால் தொட்டுப் பார்த்தார். பிழைகளிலும் ஒரு நியாயம் உண்டு. எல்லாரும் தப்பாகக் கமா போடும் இடம் என்று சில இருக்கும். 'and'-க்கு முன்னால் போட்டிருந்தால் பலரும் செய்கிற பிழை என்று விட்டுவிடலாம். ஒரே ஆள்தான் தட்டும் கழுவினாள், படுக்கவும் போனாள். இரண்டு வினைக்கும் ஒரே எழுவாய் என்பதால் அங்கே கமா வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் போனாள் என்பதற்கும் படுக்கைக்கு என்பதற்கும் நடுவில் எந்தப் பைத்தியக்காரனும் போடமாட்டான். அதற்குக் கீழே இன்னொன்று: "When the bell rang the children, ran out." மணி அடித்ததும் என்பதோடு கமா வந்திருக்க வேண்டும், 'rang'-க்குப் பின்னால். வாக்கியத்துக்கு முன்னுரையாக வரும் பகுதி அங்கே முடிகிறது. இந்தக் கமாவோ குழந்தைகளைக் கழுத்தைப் பிடித்து நிறுத்திவைத்துவிட்டு அப்புறம் ஓடவிட்டிருக்கிறது.

மைத்துனி அந்த வரியை இரண்டு தரம் முணுமுணுத்தாள். பிறகு எழுந்து நின்றாள். வயிற்றை முன்னால் தள்ளினாள். இல்லாத மைக்கை விரலால் தட்டிப் பார்த்தாள். குரலை அடிவயிற்றில் இறக்கி, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, "வென் த பெல் ரேங் த சில்ட்ரன்" என்று முழங்கி, "ஹ்ஹ்" என்று காற்றை இழுத்து, "ரேன் அவுட்" என்று முடித்தாள்.

வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

அவள் அடுத்ததை வாசித்தாள். "ஷி வாஷ்ட் த ப்ளேட்ஸ் அண்ட் வென்ட், ஹ்ஹ், டு பெட்." அதற்கு அடுத்தது. அதற்கும் அடுத்தது. ஒவ்வொரு வாக்கியத்திலும் துருத்தி ஊதிய இடத்தில் கமா இருந்தது. ஆறு வார்த்தை, ஒரு மூச்சு. அந்தப் பெரிய உடம்புக்குள் ஆறு வார்த்தைக்குத்தான் காற்று பிடிக்கும். மனுஷன் தன் விதியை ஒரு பொழுதும் மீறாதவர். வாய்விட்டு வாசித்திருக்கிறார், மூச்சு வாங்கிய இடத்தில் கமாவைப் போட்டிருக்கிறார்.

டீச்சர் போன பிறகு அந்த வீட்டில் முதன்முதலாக யாரோ சிரித்தார்கள். அது தான்தான் என்று வீட்டுக்காரருக்குத் தெரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மைத்துனி வாசிப்பதை நிறுத்திவிட்டாள். அவள் முகம் கோணிக்கொண்டு வந்தது.

"அக்காவுக்கு ரெண்டு வார்த்தை சேந்தாப்புல வரலையே அத்தான்" என்றாள்.

*

பிரின்சிபால் அறையில் கண்ணாடி போட்ட மேசை. ஒரு பக்கம் பிரின்சிபாலும் கமா சாரும், எதிரே வக்கீலம்மா, பக்கவாட்டில் குடும்பத்தின் சார்பில் வீட்டுக்காரர். டிஷ்யூ பெட்டி மறுபடியும் அவர் பக்கம் இருந்தது.

பிரின்சிபால் நடந்ததை விவரித்தார். கமா சார் அவ்வப்போது தலையைக் குனிந்துகொண்டார். வக்கீலம்மா கேட்டுவிட்டு, மதிப்பெண்ணைச் சரிசெய்தால் தனக்கு வேறு புகார் இல்லை என்றார். டீச்சரைத் தனக்குத் தெரியும், தன் மகள் வீட்டில் எதைக் கேட்டாலும் காரணம் சொல் என்று உயிரை வாங்குவது அவரிடம் படித்த வினைதான் என்றும் சொன்னார். சொல்லிவிட்டுப் பையை எடுத்தார். விவகாரம் அந்த இடத்தில் முடிந்துவிடும் போல இருந்தது.

"ஒரு நிமிஷம் மேடம்" என்றார் வீட்டுக்காரர்.

விடைக்குறிப்பு வக்கீலம்மாவின் கையில் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டார். பிறகு பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கமா சாரிடம் நீட்டினார். டீச்சர் எழுதிய கேள்விகளில் முதல் பகுதி அது. கமாவே இல்லாத வாக்கியங்கள்.

"சார், இத ஒரு தடவ வாசிச்சுக் காட்டுங்க. உங்க குரல்ல கேட்டாத்தான் வாக்கியம் வாக்கியமா இருக்கு."

கமா சாருக்கு எந்தக் கதவைத் தட்டினாலும் திறக்காமல் போகலாம். குரல் என்ற கதவு மட்டும் தட்டுவதற்கு முன்னால் திறந்துவிடும். அவர் கண்ணாடியைச் சரிசெய்தார். எதற்கு வாசிக்கச் சொல்கிறார்கள் என்று ஒரு கணம் யோசிப்பது போலத் தெரிந்தது. அதற்குள் தொண்டை கனைத்துவிட்டது.

முதல் வாக்கியத்தில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. மழை பெய்தது, கமா சார் மூச்சு வாங்கினார், நாங்கள் உள்ளே இருந்தோம். இரண்டாவதில் பஸ் வரவில்லை, மூச்சு வந்தது. மூன்றாவதில் தட்டுகளைக் கழுவிவிட்டுப் போனவள் படுக்கைக்கு முன்னால் இளைப்பாறிக்கொண்டாள். வக்கீலம்மா பையைக் கீழே வைத்துவிட்டு விடைக்குறிப்பை மடியில் விரித்தார். பேனாவைத் திறந்தார்.

"என் தாய் நர்ஸ்" என்று பொருள்படும் வாக்கியம் வந்தது. விடைக்குறிப்பில் அது இப்படி இருந்தது: "My mother who is a nurse, works at night." ஒருவருக்குத் தாய் ஒருத்திதான், நர்ஸ் என்பது யார் என்று அடையாளம் காட்டுவதற்கு அல்ல, கூடுதல் செய்தி. ஆகவே இரண்டு பக்கமும் கமா வேண்டும், 'mother'-க்குப் பின்னாலும் 'nurse'-க்குப் பின்னாலும். கமா சாருக்கு 'mother' அருகே மூச்சு மீதம் இருந்தது, நிற்கவில்லை. நர்ஸ் வந்ததும் தீர்ந்தது. வக்கீலம்மாவின் பேனா அந்தக் கமாவின் மேல் ஒரு டிக் போட்டது. மணி அடித்தது, குழந்தைகள் நின்றார்கள், காற்று உள்ளே போனது, குழந்தைகள் ஓடினார்கள். இன்னொரு டிக்.

பிரின்சிபால் எட்டிப் பார்த்தார். அவருக்கும் புரிந்தது. புரிந்தது என்று முகத்தில் காட்டாமல் இருக்க, பேப்பர்வெயிட்டை எடுத்து இடம் மாற்றிவைத்தார்.

கமா சார் கடைசி வாக்கியத்தைக் கம்பீரமாக முடித்துவிட்டு நிமிர்ந்தார். பாராட்டு வரும் என்று எதிர்பார்த்தது போலத்தான் இருந்தது.

"சார், நீங்க கமா போட்டது ஒண்ணுகூட விட்டுப்போகல" என்றார் வக்கீலம்மா.

கமா சாருக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது முதலில் சிவந்தார், பிறகு வெளுத்தார். பிறகு, இந்தக் கமாவெல்லாம் மூச்சுத் திணறிய ஒருவர் போட்டது என்றுதானே நானும் சொல்கிறேன், டீச்சருக்கும் மூச்சுக் கோளாறுதானே என்றார். புத்திசாலித்தனமான பதில்தான். அந்த ஒரு பதிலை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

வீட்டுக்காரர் எழுந்து நின்றார். சத்தம் போடவில்லை.

"அவளுக்கு ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு வேணும் சார். மூச்சு வாங்குற இடத்துல கமா போடுறவளா இருந்தா, வார்த்தைக்கு வார்த்தை போட்டிருக்கணும். மூச்சே இல்லாம உக்காந்துக்கிட்டு, இங்க கமா கூடாதுன்னு எனக்குச் சொல்லிக்குடுத்தவ அவ."

அறையில் கமா சார் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது.

வக்கீலம்மா பிரின்சிபாலைப் பார்த்தார். அந்தச் சுற்றறிக்கையில் இறந்தவர் பெயர் இருக்குமானால் தானும் ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கும், தன்னுடைய கடிதத்தில் முற்றுப்புள்ளி எல்லாம் இருக்கும் என்றார்.

*

சுற்றறிக்கையில் டீச்சர் பெயர் வரவில்லை. கமா சார் பெயரும் வரவில்லை. 'அச்சுப் பிழை' என்று வந்தது. அச்சுக்கு வாய் இல்லை, தங்கை இல்லை, வீட்டுக்காரர் இல்லை. அதைவிட வசதியான குற்றவாளி கிடைக்கமாட்டான். கமா சார் துறைத் தலைவராகவே இருந்தார், மைக்கும் அவரிடமே இருந்தது. ஸ்டாஃப் ரூமில் வீட்டுக்காரரைப் பார்த்தால் மட்டும் இருமல் வந்ததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். கேட்டு வந்த மைத்துனி, "பொல்லாத அச்சு" என்றாள். அவளுக்கு இது போதவில்லை. வீட்டுக்காரருக்குப் போதும். கேட்டது ஒன்றுதான், அது கிடைத்துவிட்டது.

புது விடைக்குறிப்பை எழுதும் வேலை அவரிடம் வந்தது. கேள்வி எழுதியவருக்குப் புருஷன் என்றாலும் கேள்வி எழுதியவர் இல்லை என்பதால் துறையின் வழக்கத்துக்குப் பங்கமில்லை என்று பிரின்சிபால் சமாதானம் சொன்னார்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினார். சிலிண்டரை ஆஸ்பத்திரிக்காரர்கள் எடுத்துப்போன இடத்தில் தரையில் ஒரு வட்டம் வெளுத்திருந்தது. பதில்களை எழுதுவது கடினமாக இல்லை. காரணம் என்ற கட்டத்தில் ஒவ்வொரு முறையும் கை நின்றது. "The boy sitting near the window, is my cousin." கமாவை எடு. காரணம்: ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பது எந்தப் பையன் என்று காட்டும் பகுதி, அது எழுவாயோடு சேர்ந்தது, எழுவாயையும் வினையையும் ஒற்றைக் கமாவால் பிரிக்கக் கூடாது. எழுதிவிட்டு, பிரிக்கக் கூடாது என்ற சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அடுத்ததற்குப் போனார். 'ஹவெவர்' வாக்கியத்துக்கு வந்தபோது முன்னால் செமிகோலன் போட்டார். காரணம்: அதற்கு இரண்டு வாக்கியங்களைக் கட்டி இழுக்கும் தெம்பு கிடையாது. விடைக்குறிப்பில் இப்படியெல்லாம் எழுதக் கூடாது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அந்த வரியை அடித்துவிடவில்லை. அப்படியே அனுப்பினார். பிள்ளைகளுக்கு அது மட்டும் நன்றாகப் புரிந்ததாக வக்கீலம்மாவின் மகள் பிறகு சொன்னாள்.

அடுத்த வாரம் ஸ்டாஃப் ரூமில் படத்தைத் திறந்தார்கள். டீச்சர் சிரித்துக்கொண்டிருந்தார், சண்டைக்கு முந்திய சிரிப்பு. கீழே பித்தளைத் தகடு பளபளத்தது. அதில் கமா சார் முன்பே எழுதிக்கொடுத்த வாசகம் ஆழமாகச் செதுக்கியிருந்தது:

"Our dear teacher lives in our, hearts."

கைதட்டினார்கள். மைத்துனி அவருடைய முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அழுகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் தோள் குலுங்கியது வேறு காரணத்துக்காக. வீட்டுக்காரருக்கு இரண்டும் ஒன்றாக வந்தது.

பிரின்சிபாலிடம் போய், அந்தக் கமாவை எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். பித்தளையில் வெட்டியதை எப்படி சார் அழிப்பது, யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்றார் பிரின்சிபால். அடுத்த ஆண்டும் கேட்டார். சுவருக்கு வெள்ளையடிக்கப் படத்தைக் கழற்றியபோது ஒருமுறை கேட்டார். எந்தத் தடவையும் காரணம் சொல்லித்தான் கேட்டார்.

கமா அங்கேயே இருக்கிறது.